நிலைக்கு மேலே சாய்ந்த படம்

தென்காசி, இலஞ்சி, குத்துக்கல்வலசை, குற்றாலம் என்று இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் எதற்குள் போனாலும் சாமி படங்கள் ஒரே இடத்தில்தான் இருக்கும். வாசல் நிலைக்கு மேலே, தலை தட்டாத உயரத்தில், அடிப்பக்கம் சுவரைத் தொட்டும் மேல்பக்கம் நம்மை நோக்கிச் சாய்ந்தும் வரிசையாக நிற்கும். புது வீடு கட்டுகிறவர்கள் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்ற அருங்காட்சியக அளவு இப்போது உள்ளலங்காரம் செய்பவர்கள் வாயிலும் வந்துவிட்டது. அந்த அளவின்படி பார்த்தால் தாத்தா மாட்டியது தவறு. நான் அப்படி நினைக்கவில்லை. நம் வீடுகளின் உயரமும் சாய்வும் கண்ணாடியையும் வெளிச்சத்தையும் கணக்கில் கொண்ட ஏற்பாடு. எந்தப் படத்துக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. நிலை ஏழடி உயரம். அதன் மேல் இரண்டடி உயரப் படம். படத்தின் நடுப்பகுதி எட்டடியில் இருக்கிறது. பார்ப்பவரின் கண் ஐந்தடி உயரத்தில், சுவரிலிருந்து ஏழடி தள்ளி. அவர் ஏறத்தாழ 23 டிகிரி அண்ணாந்து பார்க்கிறார். படத்தைச் சுவரோடு ஒட்டி நேராக மாட்டினால் அந்தக் கோணத்தில் அதன் உயரம் குறுகித் தெரியும் என்பது எல்லோருக்கும் உடனே தோன்றும். எவ்வளவு குறுகும் என்று கணக்கிட்டால் எட்டு சதவீதம்தான். அதைக் கண் பொருட்படுத்துவதில்லை. நாற்காலியையும் வட்டத் தட்டையும் நாள் முழுக்கச் சாய்வாகவே பார்த்துப் பழகிய கண் அது.

உண்மையான சிக்கல் கண்ணாடியில் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி தன் இரண்டு பக்கங்களிலுமாகச் சேர்த்து, விழும் ஒளியில் எட்டு சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. குறைவாகத் தோன்றலாம். ஆனால் படத்தில் கருநீலமாக இருக்கும் கண்ணனின் உடலோ, இருண்ட பின்னணியோ திருப்பி அனுப்பும் ஒளியும் ஏறத்தாழ அதே அளவுதான். கண்ணாடிக்குள் பளிச்சென்ற ஒரு பொருள் பிரதிபலித்தால் முதலில் காணாமல் போவது அந்தக் கரும்பகுதிகளே. தங்க நகையும் மஞ்சள் பட்டும் தெரியும், முகம் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தின் முன் நின்று தலையை இப்படியும் அப்படியும் அசைப்பது இதனால்தான்.

நேராக மாட்டிய படத்தில் பார்வைக் கோடு 23 டிகிரி மேல்நோக்கிப் போய்க் கண்ணாடியில் பட்டு, அதே 23 டிகிரியில் மேல்நோக்கியே அறைக்குள் திரும்புகிறது. கூரை பத்தடி என்றால், சுவரிலிருந்து நாலரை அடி தள்ளிக் கூரையில் அது முட்டுகிறது. வெள்ளையடித்த மச்சு, அதில் பொருத்திய விளக்கு, முற்றத்திலிருந்து மேலே அடிக்கும் வெளிச்சம் எல்லாம் சாமியின் முகத்தின் மேல் வந்து உட்காரும். இப்போது படத்தின் மேல்பக்கத்தை முன்னால் இழுங்கள். படம் எத்தனை டிகிரி சாய்கிறதோ, அதைப் போல இரு மடங்கு பிரதிபலிப்பு கீழே இறங்கும். 12 டிகிரி சாய்த்தால் திரும்பும் கோடு ஏறக்குறையத் தரைக்கு இணையாகிவிடும். இரண்டடிப் படத்தின் மேல்விளிம்பைச் சுவரிலிருந்து ஐந்து அங்குலம் முன்னே கொண்டுவந்தால் அந்தச் சாய்வு கிடைக்கும். பழைய வீடுகளில் கயிறு விட்டிருக்கும் நீளம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. அப்போது கண்ணாடிக்குள் தெரிவது எதிர்ச்சுவரின் எட்டடி உயரப் பகுதி. சன்னலும் கதவும் அதற்குக் கீழேயே முடிந்துவிடுவதால் அந்த இடம் வீட்டிலேயே மங்கலான இடங்களில் ஒன்று. கண்ணாடி மறைந்து படம் தெரிகிறது.

மின்சாரம் வந்தபோது இந்தக் கணக்கு கெட்டது. குழல் விளக்கை எங்கே மாட்டுகிறோம்? எதிர்ச்சுவரில், ஏழெட்டு அடி உயரத்தில். சாய்த்த படத்தின் கண்ணாடி குறிவைத்துப் பார்க்கும் இடமும் அதுவே. ஆகவே இரவில் விநாயகரின் நெஞ்சில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. பலர் இதைப் பார்த்துவிட்டுச் சாய்வுதான் குற்றம் என்று படத்தை நிமிர்த்திவிட்டார்கள். கோடு போய் மச்சு வந்தது. விளக்கைப் படம் இருக்கும் அதே சுவருக்கு மாற்றியிருந்தால் போதும். ஆணி அடிப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. படம் வரப்போகும் இடத்தில், வரப்போகும் சாய்வில், ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்கட்டும். நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். அதில் என்ன தெரிகிறதோ அதுவே நாளைக்குப் படத்தின் மேல் படியும். பகலில் ஒரு முறையும் விளக்கேற்றிய பின் ஒரு முறையும் பார்க்க வேண்டும்.

சாய்வுக்கு இந்த ஊரில் இன்னொரு பயனும் உண்டு. சாரல் மாதங்களில் குற்றாலத்தைச் சுற்றியுள்ள சுவர்கள் காய்வதே இல்லை. சுவரோடு ஒட்டி மாட்டிய படத்தின் பின்னட்டை ஈரத்தை இழுத்துப் பூசணம் பிடிக்கும், தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய தாளைப் பிரிக்கும்போது வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். சாய்ந்த படத்தின் முதுகில் காற்று ஓடுகிறது. நேராக மாட்டியே ஆக வேண்டும் என்பவர்கள் சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்பக்கம் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிக்கொள்ளலாம். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

நிலைக்கு மேலே சாய்த்து மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. லண்டன் ராயல் அகாடமி 1780இல் சாமர்செட் ஹவுஸில் தன் பெரிய கூடத்தைத் திறந்தபோது, கதவு உயரத்தையொட்டி எட்டடியில் சுவரைச் சுற்றி ஒரு மரவிளிம்பு ஓடியது. ஆளுயரப் படங்களின் அடிவிளிம்பு அந்தக் கோட்டின் மேல் உட்கார, படங்கள் முன்னே சாய்ந்து நின்றன. ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1784இல் அரசரின் மூத்த மகள்கள் மூவரை வரைந்து அனுப்பியபோது, மென்மையாகத் தீட்டிய அந்தப் படத்தை ஐந்தரை அடிக் கோட்டில் மாட்டக் கேட்டார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்கள். அவர் தன் படங்கள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். 1788இல் இறக்கும் வரை அங்கே மறுபடி காட்சிக்கு வைக்கவேயில்லை. வெறும் இரண்டரை அடிக்காக ஒரு மனிதர் தன் காலத்தின் மிகப் பெரிய மேடையை விட்டார் என்றால், தூரத்திலிருந்து பார்க்க அழுத்தமாகத் தீட்டுவதும் பக்கத்திலிருந்து பார்க்க மெல்லத் தீட்டுவதும் வேறு வேறு வேலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் நிலைக்கு மேலே இருந்த படங்கள் முதல் வகை. தூரத்துக்கும் உயரத்துக்கும் என்றே தீட்டப்பட்டவை. கோவில்பட்டியில் இருந்து வரைந்த சி. கொண்டையராஜுவை (1898–1976) இங்கே நினைக்க வேண்டும். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாக வீடு வீடாகப் போயின. நாடகத் திரை எழுதிய கை என்பது படங்களைப் பார்த்தாலே தெரியும். உருவம் நேரெதிரே நிற்கும், முகம் பெரிதாகவும் வெளிச்சமாகவும் இருக்கும், உடலின் ஓரக்கோடு பின்னணியிலிருந்து வெட்டி எடுத்தாற்போல் விலகும். கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கும் தெரிய வேண்டும் என்ற பழக்கம் அது. எட்டடி உயரத்தில் ஒரு கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் கண்கள் நம்மைப் பார்க்கின்றன. அதே படத்தைக் கண் மட்டத்தில் இரண்டடித் தொலைவில் வைத்தால் அச்சின் புள்ளிகளும் கன்னத்துச் சிவப்பின் மிகையும்தான் முன்னே வருகின்றன.

இந்தப் படங்களுக்குச் சட்டம் என்ன செய்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கூட்டமான படத்துக்கு ஓர் அங்குலக் கறுப்பு விளிம்பு போதும். அது சுவரின் வெளுப்பைக் கண்ணிலிருந்து விலக்கி, உள்ளே உள்ள வண்ணத்தை ஒரு படி வெளிச்சமாக்கிக் காட்டும். வெள்ளைச் சட்டம் இதற்கு எதிராகச் செய்யும். பக்கத்திலேயே தூய வெள்ளை இருந்தால், பழுப்பேறிய தாளின் வெள்ளை அழுக்காகத் தெரியும். பழைய படத்துக்குப் புதிதாக வெள்ளை மவுண்ட் போட்டுவிட்டு, படம் மங்கிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. மங்கியது படம் இல்லை. தந்த நிறத்தில் மவுண்ட் மாற்றினால் பாதி மங்கல் போய்விடும்.

தஞ்சாவூர்ப் படத்துக்கு வந்தால் கணக்கு முழுக்க மாறுகிறது. பலாப்பலகையில் துணி ஒட்டி, சுக்கான் தூளும் பசையும் பூசி, மக்கு வேலையால் தூணையும் நகையையும் திரைச்சீலையையும் மேடாக எழுப்பி, அதன் மேல் தங்கத்தாள் ஒட்டிக் கல் பதித்த படம் அது. அதற்குள்ளேயே தூணும் வளைவும் விதானமுமாக ஒரு மண்டபம் இருக்கிறது. ஓவியர் தாமே ஒரு சட்டத்தை உள்ளே கட்டிவிட்டார். வெளியே இன்னும் ஒரு பொன்முலாம் பூசிய அகலச் சட்டம் போட்டால், இரண்டு மண்டபங்கள் ஒன்றையொன்று இடிக்கும். தேக்கின் இயல்பான பழுப்பு போதுமானது. ஆழம் மட்டும் வேண்டும், கல்லும் மக்கும் கண்ணாடியில் உரசக்கூடாது.

தங்கம் வண்ணம் அல்ல என்பதுதான் இந்தப் படத்தின் முழு ரகசியமும். வண்ணம் எங்கிருந்து ஒளி விழுந்தாலும் எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். தங்கத்தாள் தன் எதிரே இருப்பதைத் திருப்பிக் காட்டும். எதிரே வெளிச்சம் இருந்தால் பொன், இருட்டு இருந்தால் பழுப்பு. ஆகவே தஞ்சாவூர்ப் படத்தில் விளக்கை எங்கே வைக்கிறோம் என்பது, எதைத் தங்கமாக்குகிறோம் என்ற கேள்வி.

பூஜையறையைப் பார்ப்போம். படம் தாழ்வாக இருக்கிறது. அடிவிளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடியிலும் மேல்விளிம்பு மூன்றரை அடியிலும். குத்துவிளக்கின் சுடர் இரண்டடி உயரத்தில், படத்துக்கு இரண்டடி முன்னால், சற்று ஓரமாக. கும்பிடுகிறவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கண் இரண்டரை அடியில், படத்திலிருந்து ஐந்தடி தள்ளி. சுடரிலிருந்து புறப்பட்டுத் தட்டையான தங்கத்தில் பட்டு அவர் கண்ணுக்கு வரும் கதிர் படத்தை எந்த உயரத்தில் தொடுகிறது என்று கணக்கிட்டால் இரண்டடி இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கீழே வருகிறது. அதாவது படத்தின் அடியிலிருந்து எட்டு அங்குலத்துக்குள். பீடமும் பாதமும் இருக்கும் இடம். முதலில் எரிவது அதுதான். மேலே உள்ள நகைகள் தட்டை அல்ல, மக்கில் எழுப்பிய சிறு குமிழிகள். குமிழியில் எல்லாச் சாய்வும் இருப்பதால், சுடர் எங்கிருந்தாலும் ஒவ்வொரு குமிழியிலும் ஒரு புள்ளி பளிச்சிடும். காற்றில் சுடர் அசைந்தால் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து அசையும். முகமும் உடலும் வண்ணத்தால் ஆனவை, அவை அமைதியாக இருக்கும். அசையும் பொன்னுக்கு நடுவே அசையாத முகம், இதற்காகத்தான் அந்தப் படம் இப்படிச் செய்யப்பட்டது என்பது என் முடிவு.

இப்போது அதே படத்தை ஒரு காட்சிக் கூடத்துக்குக் கொண்டுபோவோம். நடுப்பகுதி ஐந்தடி உயரத்தில். கூரை பத்தடியில் ஒரு சிறு விளக்கு, படத்தின் நடுவைக் குறிவைத்து, செங்குத்திலிருந்து 30 டிகிரி கோணத்தில். அந்தக் கோணத்தை அருங்காட்சியகக்காரர்கள் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தார்கள். வார்னிஷ் பூசிய எண்ணெய் வண்ணப் படத்தில் பளபளப்பு கண்ணில் அடிக்காமல் தரைக்குப் போய்விடும். தங்கத்திலும் அதுவே நடக்கிறது. படத்தில் பட்ட ஒளி சுவரிலிருந்து மூன்றடிக்குள் தரையில் விழுந்துவிடுகிறது. ஐந்தடி தள்ளி நிற்பவருக்கு அதில் ஒரு துளியும் வருவதில்லை. தட்டைத் தங்கம் முழுதும் மண்ணிறமாகிறது. அதில் தெரிவது பார்ப்பவரின் சட்டையும் அவருக்குப் பின்னாலுள்ள இருட்டும். குமிழிகளின் மேல்விளிம்பு மட்டும் மின்னுகிறது, அவற்றின் நிழல் கீழே விழுகிறது. வண்ணம் மட்டும் பூசிய முகம் தேவைக்கு மேல் வெளிச்சமாகிறது. பார்க்கிறவர் வேலைப்பாட்டை வியந்துவிட்டுப் போகிறார், படத்தைப் பார்க்கவில்லை.

இதற்கு விளக்கைக் கூட்டுவது மருந்தல்ல. கூட்டினால் தரைதான் இன்னும் வெளிச்சமாகும். தங்கம் காட்டுவதற்கு ஒரு வெளிச்சத்தை எதிரே வைக்க வேண்டும். எதிர்ச்சுவரை வெளிர்நிறமாக்கி அதில் பரவலாக ஒளி விழச் செய்யலாம். அல்லது கண் மட்டத்துக்குக் கீழே, பக்கவாட்டில், மஞ்சள் சாயல் கொண்ட பரந்த விளக்கு ஒன்றை வைக்கலாம். வீட்டில் செய்வதானால், ஒரு கைவிளக்கைப் படத்தின் முன் மேலிருந்து கீழாக மெதுவாக இறக்கிப் பாருங்கள். பொன் எந்த உயரத்தில் விழிக்கிறதோ அதுவே விளக்கின் இடம்.

சட்டமும் கண்ணாடியும் இல்லாத படம் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதற்கு நம்மருகிலேயே குற்றாலத்துச் சித்திர சபை இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரத்தில் செம்பாக நிற்கும் ஆடவல்லான் இங்கே சுவரில் தீட்டிய ஓவியம். குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்று விலகித் தனிக் கட்டடமாக, முன்னே குளத்தோடு நிற்கிறது. உள்ளே சுற்றுச் சுவர்களிலும் புராணக் காட்சிகள். ஒரு காட்சியை இன்னொன்றிலிருந்து பிரிப்பது தீட்டிய பட்டைகளே. அவையே இங்கே சட்டம். ஆனால் கடையில் போடும் சட்டம் படத்தைத் தனியாக வெட்டி எடுக்கும், இந்தப் பட்டை ஒன்றை அடுத்ததோடு தொடுத்துவிடும். ஒன்றின் முன் நிற்கும்போதே கண் ஓரத்தில் அடுத்த காட்சி தொடங்கிவிடுவதால் கால் தானாக நகர்கிறது.

சுவரோவியத்தின் பரப்பில் பளபளப்பு இல்லை. அதனால் மேலே சொன்ன கண்ணாடிக் கணக்குகள் எதுவும் அதற்குத் தேவைப்படுவதில்லை. எந்தப் பக்கத்து ஒளியிலும் வண்ணம் வண்ணமாகவே இருக்கும். ஆனால் ஒளியின் அளவு அதைப் பெரிதும் மாற்றும். மார்கழித் திருவாதிரையில் ஓவியத்தின் முன் தீபாராதனை நடக்கும்போது தட்டிலுள்ள சுடர் பூசகரின் கையோடு ஏறி இறங்குகிறது. சுடருக்கு நெருங்கிய பகுதி எரிய, மற்றது மங்கும். ஒரு நேரத்தில் முழுப் படமும் தெரிவதில்லை. தூக்கிய திருவடி ஒரு கணம், முகம் ஒரு கணம் என்று அடுத்தடுத்து வரும் துண்டுகளைப் பார்ப்பவரின் மனம் சேர்த்து ஆட்டமாக்கிக்கொள்கிறது. சீரான வெள்ளை விளக்கில் அதே ஓவியம் நின்றுவிடுகிறது. அப்போது கோடுகளையும் ஆபரணங்களையும் எண்ணிப் பார்க்கலாம். இரண்டும் வேண்டியதுதான், ஆனால் ஒன்றைப் பார்த்தவர் மற்றதைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது.

எட்ட நின்று பார்க்க இடமே இல்லாத ஓவியங்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள் ஒரு குறுகிய, இருண்ட நடையின் சுவர்களில் உயர எழும்புகின்றன. பின்னால் நகர்ந்து முழுதாகப் பார்க்க முடியாது. புத்தகத்தில் நாம் பார்க்கும் நேர்ப்படங்கள் துண்டு துண்டாக எடுத்து ஒட்டியவை. அந்த நடையில் நின்ற யாருக்கும் அப்படித் தெரிந்ததில்லை. நம் மாவட்டங்களின் பக்கம் வந்தால் திருப்புடைமருதூரில் கோபுர நிலைகளின் உட்சுவரில் ஓவியம் இருக்கிறது. ஏறித்தான் பார்க்க வேண்டும், நிலைக்கு நிலை வெளிச்சம் மாறும்.

கடைசியாக, ஒளி காட்டுவதோடு அழிக்கவும் செய்கிறது. தாளில் அச்சிட்ட படத்துக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருவது ஒரு லக்ஸ் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இந்த அளவு பிடிபடும். நாளுக்கு எட்டு மணி நேரம், வருடத்தில் 300 நாள் என்றால் படம் வாங்கும் மொத்த ஒளி 1,20,000 லக்ஸ்-மணி. திண்ணையில் நிழலில் மாட்டிய படத்துக்கு 2,000 லக்ஸ் பகல் வெளிச்சம் பத்து மணி நேரம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அருங்காட்சியகத்தின் ஒரு வருடத்தை அது ஆறே நாளில் வாங்கிவிடுகிறது. அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். டீக்கடைகளில் லட்சுமி நீலமாக இருப்பதற்கு இதுவே காரணம். உயரத்தில், வீட்டின் உள்நிலைக்கு மேலே மாட்டிய படங்கள் தப்பித்ததும் இதனால்தான். சன்னல் வெளிச்சம் நேராக அங்கே ஏறுவதில்லை. உங்கள் படம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சட்டத்தைப் பிரித்து விளிம்பைப் பாருங்கள். மரம் மறைத்திருந்த கால் அங்குலத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும்.

அந்தக் கால் அங்குலத்தில்தான் பல சமயம் ஓவியரின் கையொப்பமும் அச்சகத்தின் பெயரும் இருக்கும். புது பிரேம் போடக் கொடுக்கும்போது கடைக்காரர் அளவுக்காக முதலில் வெட்டுவதும் அதைத்தான். வெட்டாமல் சட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். பழைய பின்னட்டையைக் கேட்டு வாங்கி வையுங்கள். கழற்றுவதற்கு முன், படம் தரையிலிருந்து எத்தனை அடியில் இருந்தது, மேல்விளிம்பு சுவரிலிருந்து எத்தனை அங்குலம் விலகியிருந்தது என்று அளந்து அந்த அட்டையின் பின்னால் எழுதிவிடுங்கள்.